ஒரே செல்லுக்குள் முழு விலாசம்: ஊரை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது?

அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வேண்டியவர்களின் விலாசங்களை அத்தான் எக்ஸெல்லில் அடித்து வைத்திருந்தார். "முந்நூறு பேருக்கு மேல இருக்கு. எல்லாம் ஏத்தியாச்சு. நீ ஊர்வாரியாப் பிரிச்சுக் குடுத்தாப் போதும்" என்றார். திறந்து பார்த்தேன். ஒருவருக்கு ஒரு செல். கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் எல்லாம் அதே செல்லுக்குள், நடுநடுவே கமா போட்டு. இப்படி:

```
A2: 14, மேல வீதி, மன்னார்குடி, திருவாரூர்
A3: கீழத் தெரு, வடுவூர், திருவாரூர்
A4: 7/2, இரண்டாம் தளம், காந்தி நகர், கும்பகோணம், தஞ்சாவூர்
```

படிக்கிறவருக்கு இதில் ஊர் எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. எக்ஸெல்லுக்கோ இது ஒரு நீளமான எழுத்துச் சரம், அவ்வளவுதான். ஊர்வாரியாக அடுக்கச் சொன்னால் 14, 7/2 என்று கதவு எண்ணை வைத்து அடுக்கும்.

சரி, 'மூன்றாவது துண்டை எடு' என்று ஒரு ஃபார்முலா எழுதிவிடலாமா? முதல் விலாசத்தில் ஊர் மூன்றாவது துண்டு. அடுத்ததில் கதவு எண் இல்லாததால் ஊர் இரண்டாவது. மூன்றாவது விலாசத்தில் நான்காவது. முன்னாலிருந்து எண்ணினால் ஒவ்வொரு செல்லிலும் இடம் மாறுகிறது. பின்னாலிருந்து பார்த்தால் மூன்றிலுமே மாவட்டம் கடைசி, ஊர் அதற்கு முந்தையது. ஆகவே முதலில் செல்லுக்குள் மொத்தம் எத்தனை துண்டு என்று தெரிய வேண்டும். அந்த எண்ணில் ஒன்றைக் கழித்தால் ஊர் எத்தனையாவது துண்டு என்பது வந்துவிடும். எண்ணுவதை முதலில் பார்ப்போம்.

துண்டுகளை நேரடியாக எண்ணுவதற்கு அத்தானின் எக்ஸெல் 2016-இல் வழி கிடையாது. ஆனால் கமாக்களை எண்ணலாம். கையை விரித்துப் பாருங்கள்: விரல் ஐந்து, இடைவெளி நான்கு. கமா என்பது இடைவெளி. அதோடு ஒன்றைக் கூட்டினால் துண்டுகளின் எண்ணிக்கை.

கமாவை எண்ணுவதற்கும் தனி ஃபங்ஷன் இல்லை, ஒரு சின்னத் தந்திரம்தான். முழு எழுத்தின் நீளத்தை அளந்துகொள்ள வேண்டும். கமாக்களை எல்லாம் நீக்கிவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும். எவ்வளவு குறைந்ததோ அத்தனை கமா. LEN நீளத்தை அளக்கும். SUBSTITUTE ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்றை வைக்கும்; பதிலுக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டால் நீக்கிவிடும்.

```
=LEN(A2)-LEN(SUBSTITUTE(A2,",",""))+1
```

A2-வில் LEN 37 என்று சொல்கிறது. கமாக்களை நீக்கியபின் 34. வித்தியாசம் 3, ஒன்று கூட்டினால் 4. துண்டுகள் நான்குதான், சரி.

இந்த 37 எங்கிருந்து வந்தது என்று சிலருக்கு உறுத்தும். விரல்விட்டு எண்ணினால் அவ்வளவு எழுத்து இல்லையே! காரணம், தமிழ் எழுத்தை எக்ஸெல் நம்மைப்போல் எண்ணுவதில்லை. 'தி' நமக்கு ஓரெழுத்து. அதற்கு 'த' ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளியும் தனி. அதனால் 'மன்னார்குடி' நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பதினொன்று. இந்தக் கணக்கு நம் வேலையைக் கெடுக்காது. இரண்டு முறையும் அதே முறையில்தான் அளக்கிறது. நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும். கமா எந்த மொழிக்கு நடுவில் இருந்தாலும் ஒன்றுதான்.

இந்த ஃபார்முலா ஓரிடத்தில் தவறும். செல் காலியாக இருந்தால் 0-0+1, அதாவது ஒரு துண்டு இருப்பதாகச் சொல்லும். அத்தானின் பட்டியலில் 'விலாசம் அப்புறம் கேட்கணும்' என்று காலியாக விட்ட செல்கள் இருந்தன. அதற்காக முன்னால் ஒரு கேள்வி சேர்த்து B2-வில் இப்படி எழுதினேன்:

```
=IF(TRIM(A2)="",0,LEN(A2)-LEN(SUBSTITUTE(A2,",",""))+1)
```

TRIM முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களை நீக்கும். அதை ஏன் போட்டேன் என்றால், வெறும் ஸ்பேஸ் பாரை மட்டும் தட்டிவிட்டுப் போன செல்லும் பார்வைக்குக் காலிதான். ஆனால் எக்ஸெல் அதைக் காலி என்று ஒப்புக்கொள்ளாது.

எண்களை மட்டுமே கமா போட்டு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. வராத மாணவர்களின் வரிசை எண்கள் என்று ஒரு செல்லில் 101,204,310 என்று அடித்தால், எக்ஸெல் அதைப் பத்து கோடிச் சொச்சம் என்ற ஒற்றை எண்ணாக எடுத்துக்கொள்ளும். உள்ளே கமாவே இருக்காது. திரையில் தெரியும் கமா வெறும் அலங்காரம். எண்ணிக்கை 1 என்று வரும். செல்லில் அது வலப்பக்கம் ஒட்டி நின்றால் எண்ணாகிவிட்டது என்று அர்த்தம்; எழுத்தாக இருந்தால் இடப்பக்கம் நிற்கும். அடிப்பதற்கு முன்பே அந்தச் செல்களை Text வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றிப் பயனில்லை, போன கமா திரும்பாது.

இனி n-ஆவது துண்டு. இதற்கு எக்ஸெல் பழகியவர்கள் பல காலமாகக் கையாளும் ஃபார்முலா ஒன்று இருக்கிறது. பார்த்தால் மிரட்டும், ஆனால் உள்ளே இருக்கும் யோசனை அழகானது. மூன்றாவது துண்டுக்கு:

```
=TRIM(MID(SUBSTITUTE(A2,",",REPT(" ",LEN(A2))),(3-1)*LEN(A2)+1,LEN(A2)))
```

சிக்கல் என்னவென்றால், துண்டுகள் ஒரே நீளம் இல்லை. ஒரே நீளமாக இருந்தால் மூன்றாவது எங்கே தொடங்கும் என்று பெருக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். அதனால் துண்டுகளைத் தள்ளித் தள்ளி உட்காரவைக்கிறோம். ஒவ்வொரு கமாவையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நீண்ட வெற்றிடத்தைச் செருகுகிறோம். எவ்வளவு நீளம்? மொத்த எழுத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவு. A2-வுக்கு 37 வெற்றிடங்கள். REPT(" ",37) அதைச் செய்து தருகிறது.

நீட்டிய பிறகு துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். '14' முதல் இரண்டு இடங்களில். 'மேல வீதி' 41 முதல் 48 வரை. 'மன்னார்குடி' 87 முதல் 97 வரை. 'திருவாரூர்' 136 முதல் 145 வரை. இப்போது இந்த நீண்ட எழுத்தை 37, 37-ஆக வெட்டுங்கள். முதல் வெட்டு 1 முதல் 37: அதில் '14' மட்டும். இரண்டாவது 38 முதல் 74: 'மேல வீதி' மட்டும். மூன்றாவது 75 முதல் 111: 'மன்னார்குடி'. நான்காவது 112 முதல் 148: 'திருவாரூர்'. ஒரு வெட்டுக்கு ஒரே ஒரு துண்டு, சுற்றிலும் வெற்றிடம். MID என்பது அந்த வெட்டு. எங்கே தொடங்குவது என்பது (3-1)*37+1, அதாவது 75. எவ்வளவு எடுப்பது என்றால் 37. வெளியே வருவதில் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை TRIM வழித்துவிடும். நாம் கமாவுக்குப் பின் வழக்கமாக விடும் ஒரு ஸ்பேஸும் அதிலேயே போய்விடுகிறது.

எந்தத் துண்டும் வெட்டுக்கு நடுவில் மாட்டி இரண்டாகாதா? ஆகாது. மூன்றாவது துண்டுக்கு முன்னால் 37 வெற்றிடங்கள் இரண்டு தடவை வந்துவிட்டன. அதற்கு மேல் அது எவ்வளவு தள்ளிப்போயிருக்கும்? முதல் இரண்டு துண்டுகளின் நீளம் அளவுக்குத்தான். தன் நீளத்தையும் சேர்த்தாலும், எல்லாத் துண்டுகளின் மொத்தமே 37-ஐத் தாண்டாதே. அதனால் அது எப்போதும் தன் வெட்டுக்குள் முழுதாக அடங்கிவிடும்.

இதே ஃபார்முலாவை REPT(" ",99) என்று ஒரு நிலையான எண்ணோடு எழுதியதையும் நிறையப் பார்க்கலாம். சுருக்கமாக இருக்கும், வேகமும் கொஞ்சம் கூடும். ஆங்கிலத்தில் சின்னச் சின்னச் சொற்களுக்குப் பெரும்பாலும் தாங்கும். தமிழில் நான் அதை நம்புவதில்லை. மேலே சொன்னபடி குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண்ணிக்கை விழுவதால், சற்றே நீளமான விலாசம் ஒன்று 99-ஐச் சீக்கிரம் தாண்டிவிடும். தாண்டினால் கடைசித் துண்டின் வால் அறுந்து 'தஞ்சாவூ' என்று நிற்கும். ஒருவேளை கண்ணில் பட்டால் பிழைத்தோம். LEN(A2) என்று போட்டால் அந்தக் கவலை இல்லை.

ஊருக்கு வருவோம். துண்டுகளின் எண்ணிக்கை B2-வில் இருக்கிறது. ஊர் என்பது B2-1 ஆவது துண்டு. ஃபார்முலாவுக்குள் அதிலிருந்தும் ஒன்று கழிப்பதால் B2-2 ஆகிறது.

```
=IF(B2<2,"",TRIM(MID(SUBSTITUTE(A2,",",REPT(" ",LEN(A2))),(B2-2)*LEN(A2)+1,LEN(A2))))
```

முன்னால் உள்ள IF எதற்கு? ஒருவர் விலாசத்தில் கமாவே இல்லாமல் 'வடுவூர்' என்று மட்டும் அடித்திருந்தால் எண்ணிக்கை 1. அதற்கு முந்தைய துண்டு என்று எதுவும் இல்லை. IF இல்லாவிட்டால் MID-க்குச் சுழியத்துக்கும் கீழான தொடக்கம் போய் #VALUE! வரும். அந்தப் பக்கம் இப்படிக் கத்துகிறது, எதிர்ப்பக்கம் அமைதி. நான்கே துண்டு உள்ள செல்லில் பத்தாவதைக் கேட்டால் பிழை எதுவும் காட்டாமல் காலியாக நிற்கும்.

C2-வில் இதை எழுதிக் கீழே வரை இழுத்துவிட்டேன். முக்கால்வாசி உடனே சரியாக வந்தது. மன்னார்குடி, வடுவூர், கும்பகோணம். மீதியில்தான் அத்தானின் கைவண்ணம் தெரிந்தது.

பத்துப் பதினைந்து பேருக்கு ஊர் இருக்க வேண்டிய இடத்தில் 'திருவாரூர்' என்று மாவட்டம் வந்திருந்தது. போய்ப் பார்த்தால் விலாசத்தின் முடிவிலும் ஒரு கமா: 'மன்னார்குடி, திருவாரூர்,' என்று. அந்தக் கமாவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஆனால் ஃபார்முலாவுக்கு அதுவும் ஒரு துண்டு, காலித் துண்டு. எண்ணிக்கை ஒன்று கூடி, கடைசிக்கு முந்தையது மாவட்டமாகிவிட்டது. இதில் எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் மோசம். திருவாரூர் என்பதே ஓர் ஊர்ப்பெயராகவும் இருப்பதால் கண்ணுக்கும் தப்பிவிடும். இதைப் பிடிக்க எளிய வழி, D2-வில் கடைசித் துண்டையும் எடுத்து வைப்பது. மேலே உள்ள ஃபார்முலாவில் B2-2 என்பதை B2-1 என்று மாற்றி, IF-இல் B2<1 என்று வைத்தால் போதும். A-யில் விலாசம் இருந்தும் D காலியாக இருக்கும் வரிசைகளை மட்டும் வடிகட்டினால் வால் கமாக்கள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். கையாலேயே நீக்கிவிடலாம்.

சிலரது விலாசத்தில் கமாவுக்குப் பதில் Alt+Enter அடித்து வரி மாற்றியிருந்தார். அந்த வரிமாற்றம் எக்ஸெல்லுக்கு CHAR(10). அதைக் கமாவாக்கினால் மற்றவற்றோடு சேர்ந்துவிடும்:

```
=SUBSTITUTE(A2,CHAR(10),",")
```

ஆனால் கமாவும் போட்டு வரியும் மாற்றியிருந்தால் இரண்டு கமா அடுத்தடுத்து வந்து நடுவில் ஒரு காலித் துண்டு முளைக்கும். அங்கே கமாவாக்காமல் வெறும் ஸ்பேஸாக்குவது நல்லது. எது எந்த ரகம் என்று ஒரு முறை கண்ணை ஓட்டிவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு துண்டுக்குள்ளேயே கமா இருந்தால் இந்த முறையில் மருந்து கிடையாது. கல்யாணம் முடிந்ததும் மொய் நோட்டை இதே பாணியில் 'ஒருவர் பெயர், வடுவூர், 1,001' என்று அடிக்க அத்தான் நினைத்திருந்தார். மூன்று துண்டு நான்காகும், கடைசித் துண்டு 001 ஆகும். ஆயிரத்தொரு ரூபாய் வைத்தவர் கணக்கில் ஒரு ரூபாய்க்காரர் ஆகிவிடுவார். தொகையில் கமா வேண்டாம், அல்லது துண்டுகளைப் பிரிக்க அரைப்புள்ளியைப் போடுங்கள் என்றேன். தொகைக்கு மட்டுமாவது தனிச் செல் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்ஸெல் 2024 வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சுற்று வேண்டாம். TEXTSPLIT என்ற ஃபங்ஷன் கமா உள்ள இடமெல்லாம் தானே வெட்டிக் கொடுக்கும். அதில் மூன்றாவதைப் பொறுக்குவதும், மொத்தத்தை எண்ணுவதும் இப்படி:

```
=TRIM(INDEX(TEXTSPLIT(A2,","),1,3))
=COUNTA(TEXTSPLIT(A2,","))
```

இதிலும் TRIM-ஐ விடாதீர்கள். TEXTSPLIT கமாவை மட்டும்தான் எடுக்கும், அதற்குப் பின்னுள்ள ஸ்பேஸ் ஊர்ப்பெயரின் முன்னால் ஒட்டிக்கொண்டே வரும். காலிச் செல்லுக்கு இந்த COUNTA-வும் 1 என்றுதான் சொல்லும், ஆகவே பழைய IF இங்கும் தேவை. இல்லாத துண்டைக் கேட்டால் மட்டும் பழையதைப்போல் அமைதியாக இராமல் பிழை காட்டும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கூகுள் ஷீட்ஸில் இதே வேலைக்கு SPLIT. அதன் இயல்பில் இரண்டு விஷயங்கள் புதியவர்களைத் தடுக்கி விழவைக்கும். கமாவும் ஸ்பேஸும் சேர்த்து ", " என்று கொடுத்தால், இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் வெட்டும் என்று நினைப்போம். அது கமாவிலும் வெட்டும், ஸ்பேஸிலும் வெட்டும். 'மேல வீதி' இரண்டாகிவிடும். இன்னொன்று, காலித் துண்டுகளைத் தானாகவே தூக்கி எறிந்துவிடும். வால் கமாவுக்கு அது வசதிதான். ஆனால் நடுவில் ஒரு துண்டை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தால் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிடும். இரண்டையும் நிறுத்த, கடைசியில் இரண்டு முறை FALSE:

```
=TRIM(INDEX(SPLIT(A2,",",FALSE,FALSE),1,3))
```

எண்போல் தெரியும் துண்டுகளை SPLIT எண்ணாகவே மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 044 என்பது 44 ஆகிவிடும். கதவு எண், தொலைபேசிக் குறியீடு எடுக்கிறவர்கள் முன்பு பார்த்த நீண்ட MID ஃபார்முலாவையே கூகுள் ஷீட்ஸிலும் பயன்படுத்தலாம். அப்படியே வேலை செய்யும், எழுத்தை எழுத்தாகவே தரும்.

எல்லாம் திருத்திய பிறகு ஊர்வாரியாக எண்ணிக்கை எடுத்தேன். பட்டியலில் மன்னார்குடி இரண்டு தடவை இருந்தது. ஒன்றில் நாற்பது பேர், இன்னொன்றில் ஆறு பேர். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிகிறது. LEN போட்டுப் பார்த்தால் ஒன்று 11, மற்றது 12. அந்த ஆறு விலாசங்களும் ஓர் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியவை. இணையப் பக்கங்களில் வரும் ஒரு வகை வெற்றிடம் ஸ்பேஸ் போலவே தெரியும், ஆனால் வேறு குறி, எண் 160. TRIM அதைத் தொடாது. ஊரை எடுப்பதற்கு முன்பே அதைச் சாதாரண ஸ்பேஸாக மாற்றிக்கொள்ள வேண்டும்:

```
=SUBSTITUTE(A2,UNICHAR(160)," ")
```

இதை ஒரு புது நெடுவரிசையில் போட்டு, வந்ததை நகலெடுத்து A-யின் மேலேயே மதிப்புகளாக மட்டும் ஒட்டினேன். மன்னார்குடி ஒன்றாகி, நாற்பத்தாறு என்று வந்தது. அத்தான் அன்று மாலையே அந்த நாற்பத்தாறு பத்திரிகைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மன்னார்குடிக்குப் பஸ் ஏறினார்.